ஒத்துப்போகாத விமர்சகரே போதும்

"உன் ரசனையோடு ஒத்துப்போகிற ஒரு விமர்சகரைக் கண்டுபிடி. அவர் நல்ல படம் என்றால் போ, இல்லை என்றால் காசை மிச்சம் பிடி." சினிமா பேசுகிறவர்கள் நாலு பேர் கூடினால் இந்த அறிவுரை வராமல் இருக்காது. கேட்கவும் நியாயமாக இருக்கிறது. உலகத்தில் ஆயிரம் விமர்சகர்கள். எல்லோரையும் படிக்க முடியாது. நம்மைப் போலவே சிரித்து, நம்மைப் போலவே சலித்துக்கொள்ளும் ஒருவர் கிடைத்துவிட்டால் தேர்வு செய்யும் பாரம் இறங்கிவிடும். நானும் பல வருடங்கள் அப்படித்தான் நம்பினேன். இன்று இதை ஒரு தவறான அறிவுரை என்று நினைக்கிறேன். விமர்சகரின் தீர்ப்பு நம் தீர்ப்போடு எத்தனை முறை ஒத்துப்போகிறது என்பதை வைத்து அவரைத் தேர்ந்தெடுப்பவர், அவர் எழுதுவதில் மிகவும் பயன்படாத பகுதியை எடுத்துக்கொண்டு மீதியைக் கீழே போட்டுவிடுகிறார்.

முதலில் இந்த 'ஒத்துப்போவது' என்பதன் கணக்கைப் பார்ப்போம். பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறோம்.

நாம் பார்க்கும் படங்கள் சீட்டுக் குலுக்கி எடுத்தவை இல்லை. பிடிக்கும் என்று தோன்றியதைத்தான் பார்க்கிறோம். அதனால் பார்த்த 100 படங்களில் 80 நமக்குப் பிடித்துப்போவது சாதாரணம். விமர்சகர் ஒருவரும் அதே 100 படங்களில் 80ஐப் பாராட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ரசனைக்கும் நம் ரசனைக்கும் எந்த உறவுமே இல்லை, அவர் கண்ணை மூடிக்கொண்டு 80 படங்களுக்கு டிக் அடித்தார் என்றே கொள்வோம். அப்போதும் இருவரும் சேர்ந்து பாராட்டிய படங்கள் சராசரியாக 64 இருக்கும். சேர்ந்து ஒதுக்கியவை 4. மொத்தம் 68 படங்களில் கருத்து ஒற்றுமை! "மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போகிறோம்" என்று நாம் பூரித்துப்போவோம். உண்மையில் அங்கே ஒன்றுமே இல்லை.

இன்னொன்று. யாரும் 100 படங்களை வைத்து முடிவு செய்வதில்லை. ஏழெட்டு விமர்சனம், மிஞ்சினால் பத்து. பத்தில் எட்டு சரியாக இருந்தால் "இவர் நம்ம ஆள்" என்று முடிவுக்கு வந்துவிடுகிறோம். மேலே சொன்ன அதே கண்மூடி விமர்சகர், பத்துக்கு எட்டோ அதற்கு மேலோ நம்மோடு ஒத்துப்போக எவ்வளவு வாய்ப்பு? ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதாவது, நம்மோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத பத்து விமர்சகர்களைப் படித்துப் பார்த்தால், அதில் மூன்று பேர் 'நம் ரசனைக்காரர்' போலத் தெரிவார்கள். நாம் அந்த மூவரில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்கில் பின்னால் போகிறோம். நடுவே சறுக்கினால், "அவர் இப்போதெல்லாம் மாறிவிட்டார்" என்று சொல்லிக்கொள்கிறோம். அவர் மாறவே இல்லை. தொடக்கத்திலேயே அங்கே உறவு இருக்கவில்லை.

இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த ஒரு நிகழ்வு உண்டு. 2006இல் நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனம் ஒரு போட்டி அறிவித்தது. பார்வையாளர்கள் படங்களுக்குக் கொடுத்த 10 கோடிக்கும் மேலான மதிப்பீடுகளைக் கொடுத்து, யாருக்கு எந்தப் படம் எவ்வளவு பிடிக்கும் என்று தங்கள் கணிப்பு முறையைவிட 10 சதவீதம் துல்லியமாகச் சொல்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்றது. பரிசு 2009இல்தான் கைமாறியது. அந்தப் போட்டியில் கலந்துகொண்டவர்கள் சீக்கிரமே கண்டுகொண்ட விஷயம் ஒன்று என் வாதத்துக்கு நேரே பொருந்துகிறது. மதிப்பீடுகளில் விளக்க முடிந்த ஏற்ற இறக்கத்தின் பெரும் பகுதிக்குத் தனிப்பட்ட ரசனையே தேவையில்லை. இந்தப் படம் பொதுவாகவே எல்லோருக்கும் பிடிக்கிறதா, இந்த ஆள் பொதுவாகவே தாராளமாக மதிப்பெண் போடுகிறவரா என்ற இரண்டும் தெரிந்தாலே நிறைய விளங்கிவிடும். எல்லோருக்கும் பிடித்த படம் அவருக்கும் பிடித்தது, எனக்கும் பிடித்தது. அதை ரசனைப் பொருத்தம் என்று அழைப்பது, இரண்டு பேருக்கும் பசிக்கிறது என்பதற்காக ஜாதகம் பொருந்திவிட்டது என்று சொல்வதைப் போல.

அப்படியானால் விமர்சகரால் நமக்குப் பயனே இல்லையா? நிறைய இருக்கிறது. ஆனால் அது பொருத்தத்திலிருந்து வருவதில்லை, அவர் சாய்வு நிலையாக இருப்பதிலிருந்து வருகிறது.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிதில்லை. ஆனந்த விகடன் படங்களுக்கு 100க்கு மதிப்பெண் போட்டு வந்தது. பாரதிராஜாவின் 16 வயதினிலே 1977இல் வந்தபோது 62.5 வாங்கியது, அதை இன்றும் பெரிய சாதனையாகப் பேசுகிறார்கள். பள்ளிக்கூடத்துக் கணக்கில் அது முதல் வகுப்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற மதிப்பெண். ஆனால் விகடன் வாசகர் யாரும் அதைப் பள்ளிக்கூடத்துக் கணக்கில் படிக்கவில்லை. நாற்பதுக்கு மேல் என்றால் பார்க்கலாம், ஐம்பதைத் தாண்டினால் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று அவர்களாகவே ஒரு அளவுகோலைச் செய்துகொண்டார்கள். அந்த மதிப்பெண்ணைப் போட்டது 'விமர்சனக் குழு'. அதற்கு முகம் கிடையாது. அதன் ரசனை என் ரசனையா என்று கேட்க அங்கே ஒரு ஆளே இல்லை. அந்தக் குழு கஞ்சமாக இருந்தது; வாராவாரம் ஒரே மாதிரி கஞ்சமாக இருந்தது. அது போதுமாக இருந்தது. எடை எப்போதும் 100 கிராம் குறைத்துக் காட்டும் தராசை வைத்துக்கொண்டு ஒரு வியாபாரி ஆயுள் முழுக்க ஒழுங்காகப் பிழைக்கலாம். ஒரு நாள் குறைத்தும் ஒரு நாள் கூட்டியும் காட்டும் தராசுதான் அவரைக் கவிழ்க்கும்.

இனி ஒரு விமர்சகரை எடுத்துக்கொண்டு விரிவாகப் பார்க்கிறேன். என்னோடு பல முக்கியமான இடங்களில் ஒத்துப்போகாதவர், எனக்கு மிக நல்ல படங்களைத் தேடித் தந்தவர்: சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழில் 1967 முதல் 2013இல் இறக்கும்வரை எழுதிய ரோஜர் ஈபர்ட்.

1997இல் கான் திரைப்பட விழாவின் தங்கப்பனை விருதை இரண்டு படங்கள் பகிர்ந்துகொண்டன. ஒன்று ஜப்பானிய இயக்குநர் இமாமுராவின் தி ஈல். மற்றது ஈரானின் அப்பாஸ் கியாரோஸ்தமி எடுத்த டேஸ்ட் ஆஃப் செர்ரி. தற்கொலை செய்துகொள்ள முடிவெடுத்த பாதீ என்ற மனிதர், இறந்தபின் தன்மேல் மண் தள்ள ஓர் ஆள் வேண்டும் என்று டெஹ்ரானின் புறநகர் மண்மேடுகளில் காரை ஓட்டிக்கொண்டே போகிறார். ஒரு குர்து இனத்துச் சிப்பாய், ஆப்கானிய மதப்பள்ளி மாணவர், இறந்த விலங்குகளைப் பதப்படுத்தும் ஒரு முதியவர் என்று ஒவ்வொருவராகக் காரில் ஏறுகிறார்கள். படத்தின் பெரும்பகுதி அவ்வளவுதான். படம் அமெரிக்காவில் திரையிடப்பட்டபோது ஈபர்ட் கொடுத்தது நான்குக்கு ஒரு நட்சத்திரம். அதே ஊரில், சிகாகோ ரீடர் வார இதழில் எழுதிய ஜொனாதன் ரோசன்பாம் அதைக் கொண்டாடினார். பின்னாளில் கியாரோஸ்தமியைப் பற்றி இன்னொருவரோடு சேர்ந்து ஒரு புத்தகமே எழுதினார்.

எனக்கு அந்தப் படம் உயிர். ஒத்த ரசனைக் கொள்கைப்படி நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஈபர்ட்டைக் கைவிட்டு ரோசன்பாமின் பின்னால் போயிருக்க வேண்டும். ஆனால் ஈபர்ட் அந்த ஒற்றை நட்சத்திரத்தோடு எழுதியதைப் படித்துப் பாருங்கள். படத்தில் என்ன நடக்கிறது என்பதை அவர் ஒளிக்காமல் சொல்கிறார். நீண்ட கார்ப் பயணங்கள், நீண்ட மௌனங்கள், திரும்பத் திரும்ப அதே வேண்டுகோள். தாங்க முடியாத அளவுக்குச் சலிப்பூட்டுகிறது என்கிறார். பாதீயின்மேல் நமக்கு இரக்கம் வர வேண்டுமானால் அவரைப் பற்றி இன்னும் கொஞ்சமாவது தெரிய வேண்டாமா என்று கேட்கிறார். இறுதியில் படப்பிடிப்புக் குழுவையே காட்டும் பகுதியை, இது சினிமாதான் என்று நினைவூட்டி நம்மைத் தள்ளி நிறுத்தும் அலுத்துப்போன உத்தி என்று ஒதுக்குகிறார். படத்தைப் புகழ்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் மறுக்கிறார்.

அவர் குறையாகச் சொன்ன ஒவ்வொன்றும் உண்மையாகவே படத்தில் இருக்கிறது. அதே பாதீயைப் பற்றி எதுவும் சொல்லாமல் விட்டதுதான் என்னை அந்தக் காருக்குள் உட்கார வைத்தது. அவர் தள்ளி நிறுத்துகிறது என்று சொன்ன அந்த முடிவில்தான் எனக்கு மூச்சு வந்தது. தீர்ப்பு நேரெதிர், சாட்சியம் ஒன்றேதான். தீர்ப்பை மட்டும் எண்ணுகிறவருக்கு இந்தச் சாட்சியம் கண்ணிலேயே படாது.

ஒரு விமர்சனத்தை வைத்து அவரை அறிந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். "ஈபர்ட்டுக்கு மெதுவான படம் பிடிக்காது" என்று முடிவு கட்டியிருந்தால் நான் பெரிதாகத் தவறியிருப்பேன். ஓசுவின் டோக்கியோ ஸ்டோரியையும் ப்ரெஸ்ஸோனின் படங்களையும் மகத்தான படங்கள் வரிசையில் வைத்துக் கட்டுரை எழுதியவர் அவர். அவையும் அவசரமே இல்லாத படங்கள்தான். அப்படியானால் அவரை உறுத்துவது வேகம் இல்லை. வேறு எதையாவது தேட வேண்டும்.

தேடினால் கிடைக்கிறது. 1995இல் வந்த தி யூஷுவல் சஸ்பெக்ட்ஸை உலகமே கொண்டாடியது. ஈபர்ட் ஒன்றரை நட்சத்திரம் கொடுத்தார். இரண்டு முறை பார்த்தும், கதையின் முடிச்சு புரிந்த அளவிலும் அதில் தனக்கு அக்கறை வரவில்லை என்பது அவர் சொன்ன சாரம். 1986இல் டேவிட் லிஞ்ச்சின் ப்ளூ வெல்வெட்டுக்கு ஒரு நட்சத்திரம். நடிகை இசபெல்லா ரோசலினி திரையில் அத்தனை அவமானத்துக்கு ஆளாகும்போது, இயக்குநர் அதற்குப் பொறுப்பேற்காமல் நையாண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார் என்று கோபப்பட்டார். ஆனால் அதே லிஞ்ச், ஒரு முதியவர் புல்வெட்டும் வண்டியை ஓட்டிக்கொண்டு நோயுற்ற அண்ணனைப் பார்க்கப் போகும் தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரியை 1999இல் எடுத்தபோது நான்கு நட்சத்திரம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரு விதி தெரிகிறது. திரையில் இருக்கும் மனிதரோடு ஈபர்ட்டுக்கு ஒட்டுதல் வர வேண்டும். சினிமா என்பது இன்னொருவர்மேல் பரிவை நமக்குள் உண்டாக்கும் இயந்திரம் என்று அவரே பேசியிருக்கிறார். உருவமோ புதிரோ எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்த ஒட்டுதலை இயக்குநர் வேண்டுமென்றே அறுத்தால் அவருக்குப் பொறுக்காது.

எனக்கு அது பொறுக்கும். பல நேரம் அதைத் தேடித்தான் போகிறேன். இது தெரிந்துகொண்ட பிறகு அவருடைய எதிர்மறை விமர்சனங்களே எனக்குப் பட்டியல் ஆகிவிட்டன. கியாரோஸ்தமியின் டென் பற்றி அவர் எழுதியது நல்ல உதாரணம். காரின் முன்பக்கத்தில் பொருத்திய இரண்டு சிறு டிஜிட்டல் கேமராக்கள், ஓட்டும் பெண்ணையும் பக்கத்தில் அமர்பவரையும் மாறி மாறிக் காட்டும் பத்து உரையாடல்கள். இப்படி ஒரு படத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாமே என்பது அவர் புகார். அந்தப் புகாரைப் படித்த அன்றே அந்தப் படத்தைப் பார்க்க வேண்டியவற்றில் முதலில் எழுதிக்கொண்டேன். அவர் பாராட்டியிருந்தால்கூட அவ்வளவு உறுதியாக எழுதியிருக்க மாட்டேன். பாராட்டு எதற்காக வேண்டுமானாலும் வரும். அவருடைய இந்தக் குறிப்பிட்ட சலிப்பு ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் வரும்.

நட்சத்திரங்களை எண்ணிக் கூட்டுவது ஏன் உதவாது என்பதை ஈபர்ட்டே தெளிவாகச் சொன்னார். 2004இல் ஷாலின் சாக்கர் விமர்சனத்தில், நட்சத்திரம் ஒப்பீட்டுக்கானது, முற்றான அளவு இல்லை என்று விளக்கினார். ஹெல்பாய் நன்றாக இருக்கிறதா என்று நண்பர் கேட்டால், மிஸ்டிக் ரிவரோடு ஒப்பிட்டுச் சொல் என்று அவர் கேட்கவில்லை. அதே வகைப் படங்களோடு ஒப்பிட்டுத்தான் கேட்கிறார் என்பது ஈபர்ட்டின் வாதம். ஆகவே அவருடைய மூன்று நட்சத்திரம் வாங்கிய சூப்பர்ஹீரோ படமும் மூன்று நட்சத்திரம் வாங்கிய குடும்பக் கதையும் ஒரே எடை இல்லை. இரண்டையும் ஒரே வரியில் போட்டு "எனக்கும் அவருக்கும் பொருத்தம் இத்தனை" என்று கணக்கு எழுதினால் அந்தக் கணக்கு எதையும் அளக்கவில்லை.

எதிர்த்தரப்பில் ஒரு கேள்வி உண்டு. அதை நான் மதிக்கிறேன். "எனக்கு வாரத்தில் ஒரு ராத்திரிதான் ஓய்வு. ஒருவரின் ஐம்பது விமர்சனங்களைப் படித்து அவர் சாய்வைக் கண்டுபிடிக்க நேரம் எங்கே? என் மாதிரி ஆள் ஒருவர் கை காட்டினால் போதாதா?" என்று கேட்கிறார்கள். நேரமில்லாதவருக்குத்தான் ஒத்த ரசனை அதிகம் துரோகம் செய்கிறது என்பேன். உங்களைப் போலவே ரசிக்கிற ஒருவர் இருக்கிறார் என்றே ஒப்புக்கொள்வோம். அவர் கை காட்டும் படங்களில் பாதியை நீங்கள் அவர் இல்லாமலேயே போய்ப் பார்த்திருப்பீர்கள். உங்களை இழுக்கிற அதே இயக்குநர், அதே நடிகர்தான் அவரையும் இழுக்கிறார்கள். அவர் திரும்பிப் பார்க்காத பக்கம் நீங்களும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் என் ரசனைக்காரர் என்று நம்பிப் பின்தொடர்ந்த ஒருவரால் பல வருடங்கள் இசை சார்ந்த படங்கள் பக்கமே போகவில்லை. அவருக்கு அவை பிடிக்காது, எனக்கும் பிடிக்காது என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்திருந்தோம். நான் ஒன்றையும் சரியாகப் பார்த்திருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

நேரத்தைப் பொறுத்தவரை, ஐம்பது விமர்சனம் தேவையில்லை. ஒரு நோட்டில், நீங்கள் ஏற்கனவே பார்த்த, உங்கள் மனதில் அழுத்தமான கருத்து இருக்கிற படங்களில் இருபதை எழுதுங்கள். ஊரே பாராட்டியவை, ஊரே திட்டியவை இரண்டையும் விட்டுவிடுங்கள். அவற்றில் ஒத்துப்போவதால் எதுவும் தெரியாது. கருத்து பிளவுபட்ட படங்கள் மட்டும் போதும். அந்த இருபதுக்கும் அந்த விமர்சகர் எழுதியதைத் தேடிப் படியுங்கள். அவர் தீர்ப்பை எழுதாமல், அவர் சொன்ன முக்கியக் காரணத்தை மட்டும் ஒரு வரியில் எழுதுங்கள்: "ஆளோடு ஒட்டவில்லை", "பாட்டும் சண்டையும் அதிகம்", "இரண்டாம் பாதி தொய்வு". பக்கத்தில் அந்த விஷயம் உங்களை உறுத்தியதா என்று குறியுங்கள். ஒரே காரணம் நாலைந்து முறை திரும்ப வந்து, ஒவ்வொரு முறையும் உங்கள் பதில் ஒன்றாக இருந்தால், ஆமாம் என்றோ இல்லை என்றோ, உங்களுக்கு ஒரு கருவி கிடைத்துவிட்டது. இது இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை.

இப்படி ஒரு நோட்டு இருப்பதாக வைத்துப் பார்ப்போம். வணிகப் படங்களை விரும்புகிற ஒருவர். அவர் பார்த்த 50 படங்களில் 38 பிடித்திருக்கிறது, அதாவது 76 சதவீதம். 'நம்ம ஆள்' விமர்சகர் 40 படங்களைப் பாராட்டினார். அதில் இவருக்குப் பிடித்தவை 32, அதாவது 80 சதவீதம். விமர்சகரே இல்லாமல் போனாலும் 76. அவர் பேச்சைக் கேட்டால் 80. நாலு சதவீதத்துக்காக ஒரு மனிதரை வருடக்கணக்கில் பின்தொடர்கிறார். இன்னொரு விமர்சகர் எப்போதும் முகம் சுளிப்பவர். 35 படங்களைத் திட்டினார். அதில் 14ஐ "பாட்டும் சண்டையும் அளவுக்கு மீறி" என்பதற்காகத் திட்டினார். அந்த 14இல் 13 இவருக்குப் பிடித்திருந்தால், இவர் யாரைப் படிக்க வேண்டும்? எண்ணிக்கை சிறியது, ஒன்றிரண்டு தற்செயலாக இருக்கலாம். ஆனால் காரணம் கையில் இருப்பதால் அடுத்த படத்திலேயே அதைச் சோதித்துவிடலாம். வெறும் ஒற்றுமையை அப்படிச் சோதிக்க முடியாது.

எல்லா முரண்பாடான விமர்சகரும் இதற்கு உதவ மாட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாப் படத்தையும் ஒரே குரலில் திட்டுகிறவரிடமிருந்து எடுக்க ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் "ஒருமுறை பார்க்கலாம்" என்று முடிப்பவரும் அப்படியே. காரணம் சொல்லாமல் "திரைக்கதை சொதப்பல்" என்று மட்டும் எழுதுகிறவரையும் விட்டுவிடலாம். எந்தக் காட்சி, எந்த இடத்தில் என்று அவர் காட்டவில்லையென்றால், அவர் எரிச்சலை என் ஆர்வமாக மாற்றிக்கொள்ள எனக்கு வழியில்லை. படம் பார்க்காதவருக்கும் அதில் என்ன இருக்கிறது என்று தெரிகிற மாதிரி ஒரு பத்தியாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போகலாம்.

இந்த முறையில் ஒரு உண்மையான சிக்கல் உண்டு. காரணத்தைப் படிக்க வேண்டுமானால் விமர்சனத்தைப் படிக்க வேண்டும். படித்தால் கதை தெரிந்துவிடும். ஈபர்ட்டே கதையைத் தாராளமாகச் சொல்பவர். தீர்ப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு இந்த இழப்பு இல்லை. நான் செய்வது இது: பழைய படங்களை வைத்து அவரை முழுதாகப் படித்துத் தெரிந்துகொள்கிறேன், புதிய படத்துக்குப் போகும் முன் அவர் எழுதியதில் குறை சொல்லும் வாக்கியங்களை மட்டும் கண்ணால் துழாவுகிறேன். கதைச் சுருக்கம் வரும் பத்திகளைத் தாண்டிவிடுகிறேன். முழு விமர்சனத்தையும் படம் முடிந்த ராத்திரி உட்கார்ந்து படிக்கிறேன். டென் பார்த்த ராத்திரியும் அப்படித்தான் படித்தேன். அந்த இரண்டு கேமராக்களைப் பற்றி அவர் சொன்னது வரிக்கு வரி சரியாக இருந்தது. காரை ஓட்டும் அந்தப் பெண்ணிடம் அவள் மகன் கூச்சலிட்டுச் சண்டை போடும் முதல் உரையாடலில், கேமரா நெடுநேரம் அவள் முகத்தையே காட்டாமல் பையன்மேலேயே நிற்பதுதான் என்னை நகரவிடாமல் பிடித்துக்கொண்டது.